பதினொன்றாம் தேதி ஊரில் இருக்க மாட்டேன்: கணக்குப் பிரிவில் விடுப்புக் கேட்டு எழுதும் மின்னஞ்சல்

கணக்குப் பிரிவில் சேர்ந்த முதல் ஆண்டில் வருகிற பெரிய விடுப்பு பெரும்பாலும் வீட்டுக் கல்யாணத்துக்காகத்தான் இருக்கும். முகூர்த்த நாளைக் குறிக்கிறவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்ப்பார்கள், ஜிஎஸ்டி நாட்காட்டியைப் பார்க்க மாட்டார்கள். அதனால் அக்காவின் கல்யாணமும், மாத விற்பனை விவர அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளும் ஒரே நாளில் வந்து நிற்பது நடக்கக்கூடியதே. அப்படி வரும்போது மேலாளருக்கு என்ன எழுதுவது, எழுதுவதற்கு முன் என்ன செய்து முடிப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இப்படிப்பட்ட மின்னஞ்சல்களை முதலில் எழுதும் இடத்திலும், பிறகு படித்து ஒப்புதல் கொடுக்கும் இடத்திலும் இருந்திருக்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் ஒரு நூல் வணிக நிறுவனம், பங்குதாரர்கள் நடத்துவது. அங்கே கவிதா கணக்கு உதவியாளராக இருக்கிறார். அக்காவின் திருமணம் ஜூன் 11, வியாழக்கிழமை, திண்டுக்கல்லில். அவருக்கு ஜூன் 9 செவ்வாய் முதல் 13 சனி வரை விடுப்பு வேண்டும். ஞாயிறு கழித்து 15 திங்களன்று திரும்புவார்.

முதலில் தேதிகளை எழுதுங்கள்

மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, விடுப்பு நாட்களையும் அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாட்களையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே, அன்று செய்யாவிட்டால் அபராதமோ, வண்டி நிற்பதோ, வாடிக்கையாளரின் கோபமோ வரக்கூடிய வேலையை மட்டும் குறியுங்கள். மற்ற வேலைகள் நீங்கள் வரும்வரை காத்திருக்கும். அவற்றை மின்னஞ்சலில் அடுக்கினால் அவசர வேலை எது என்று மேலாளருக்குத் தெரியாமல் போகும்.

கவிதாவின் தாளில் ஐந்து வேலைகள் வருகின்றன. மே மாத டிடிஎஸ் தொகையை ஜூன் 7க்குள் கட்ட வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமை. விடுப்புக்கு முன்பே வருவதால் ஐந்தாம் தேதி வெள்ளியன்றே கட்டிவிடலாம். ஜிஎஸ்டிஆர்-1க்குக் கடைசி நாள் ஜூன் 11. பிஎஃப், இஎஸ்ஐ தொகைகளுக்குக் கடைசி நாள் ஜூன் 15. இவற்றோடு தினமும் சரக்கு கிளம்பும்போது எடுக்கும் இ-வே பில் இருக்கிறது. வெள்ளிதோறும் நூற்பாலைகளுக்கு வங்கி வழியாகப் பணம் அனுப்பும் வேலையும் இருக்கிறது.

பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் பதினைந்தாம் தேதிதானே, திரும்பி வந்து செய்துகொள்ளலாம் என்று கவிதாவுக்குத் தோன்றும். அங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். திரும்பும் நாளும் கடைசி நாளும் ஒன்றாக இருந்தால், அன்று பஸ் தாமதமானாலும் காய்ச்சல் வந்தாலும் தேதி போய்விடும். கடைசி நாளில் இணையதளமும் நெரிசலில் திணறும். மே மாதச் சம்பளம் ஏழாம் தேதிக்குள் போட்டு முடிந்திருக்கும் என்பதால், எட்டாம் தேதி திங்களன்றே இரண்டையும் கட்டிவிட்டுக் கிளம்புவதுதான் சரி. திரும்பும் நாளை எப்போதும் விடுப்பு நாளாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்போது பட்டியல் மூன்றாகக் குறைந்துவிட்டது. ஜிஎஸ்டிஆர்-1ஐயும் முன்பே தாக்கல் செய்துவிட்டால் என்ன? மே மாத விற்பனைக் கணக்கு முடிந்திருந்தால் தாராளமாகச் செய்யலாம், அதுவே நல்லது. ஆனால் இந்த நிறுவனத்தில் மே மாத கிரெடிட் நோட்டுகள் ஒன்பதாம் தேதி வரை வந்துகொண்டே இருக்கும். ஆகவே கவிதா எட்டாம் தேதி வரை உள்ளதை ஏற்றிச் சேமித்து வைக்கலாம், தாக்கலை வேறொருவர்தான் செய்ய வேண்டும்.

இந்தத் தேதி தவறினால் ஆகும் செலவைப் புதியவர்கள் அபராதத்தை வைத்து மட்டும் கணக்கிடுகிறார்கள். தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய். அது பெரிய தொகை இல்லை. உண்மையான இழப்பு வாடிக்கையாளர் பக்கம் ஏற்படுகிறது. நம்மிடம் நூல் வாங்கியவர்களின் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை பதினான்காம் தேதி உருவாகிறது. நாம் பதினொன்றுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் நம் பில்கள் அந்த மாத அறிக்கையில் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் உள்ளீட்டு வரி வரவை அந்த மாதம் எடுக்க முடியாமல் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியிருக்கும். பதினைந்தாம் தேதி காலையிலிருந்து மேலாளரின் தொலைபேசி ஓயாது. அவர் உங்கள் விடுப்பு மின்னஞ்சலைப் படிக்கும்போது மனத்தில் ஓடுவது இந்தக் காட்சிதான்.

ஆளைவிடச் சாவி முக்கியம்

மாற்று ஏற்பாடு என்றதும் எல்லோரும் "என் வேலையைச் செந்தில் பார்த்துக்கொள்வார்" என்று எழுதுகிறார்கள். கவிதாவோடு வேலை செய்யும் செந்தில் திறமைசாலிதான், உட்கார்ந்து செய்யவும் தயார்தான். ஆனால் இணையதளம் கேட்கும் ஓடிபி யாருடைய கைப்பேசிக்குப் போகிறது? வங்கிக் கணக்கில் நுழையும் பெயர் யாருடையது? கையொப்பச் சான்றிதழ் உள்ள டோக்கன் எந்த மேசை இழுப்பறையில் கிடக்கிறது? நான் பார்த்தவரை மாற்று ஏற்பாடுகள் ஆள் இல்லாமல் உடைவது குறைவு. இந்தச் சாவிகள் இல்லாமல் உடைவதே அதிகம்.

எனக்கே இது நேர்ந்தது. முன்பு வேலை செய்த ஓர் அலுவலகத்தில் இணையதளப் பதிவில் என் கைப்பேசி எண்ணைக் கொடுத்து வைத்திருந்தார்கள். நான் கோடையில் மலைக்கிராமம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். அங்கே சிக்னல் கிடையாது. அலுவலகத்தில் வேலை எல்லாம் முடித்துவிட்டு, கடைசிப் பொத்தானுக்கு முன்னால் ஒரு ஓடிபிக்காக மாலை முழுவதும் காத்திருந்தார்கள். மறுநாள் கீழே இறங்கி வந்தபோதுதான் எனக்கு அத்தனை செய்திகளும் வரிசையாக வந்து விழுந்தன. வேலையை ஒப்படைத்த நான் அந்த எண்ணை ஒப்படைக்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு அவசர வேலைக்கும் சாவி எது என்று கேளுங்கள். கவிதாவின் மூன்று வேலைகளுக்கும் மூன்று வகையான சாவி.

ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலை ஓடிபி மூலம் உறுதிசெய்யும்போது, அது அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரரின் கைப்பேசிக்கும் மின்னஞ்சலுக்கும் போகும். இங்கே அவர் நிறுவனத்தின் பங்குதாரர். எனவே செந்தில் தாக்கல் செய்யும் நேரத்தில் பங்குதாரர் தொலைபேசியை எடுக்கும் நிலையில் இருக்க வேண்டும். அவரிடம் கவிதா நேரடியாகச் சொல்வது முறையாகாது, மேலாளர்தான் சொல்லி வைக்க வேண்டும். இதை மின்னஞ்சலிலேயே கேட்டுவிட வேண்டும்.

இ-வே பில்லுக்கு வழி எளிது. ewaybillgst.gov.in தளத்தில் நுழைந்தால் User Management என்ற பகுதியில் துணைப் பயனர் ஒருவரை உருவாக்கலாம். அவருக்குத் தனிப் பெயரும் தனிக் கைப்பேசி எண்ணும் இருக்கும். 2025 ஏப்ரல் முதல் எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயமாகிவிட்டதால், கவிதாவின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கிடங்குக்காரருக்குக் கொடுத்தாலும் பயன் இல்லை. ஓடிபி திண்டுக்கல் மண்டபத்தில் ஒலிக்கும், சரக்கு வண்டி கோவையில் நிற்கும். துணைப் பயனரை உருவாக்கும்போதும் நிறுவனத்தின் பதிவுசெய்த எண்ணுக்கு ஓர் ஓடிபி போகும். அதனால் இதை ஒரு வாரத்துக்கு முன்பே செய்துகொள்ளுங்கள்.

வங்கி வேலைக்குத்தான் அதிக நாள் பிடிக்கும். நிறுவனக் கணக்குகளில் பணம் அனுப்பும் கோரிக்கையைப் பதிவுசெய்பவர் ஒருவர், ஒப்புதல் கொடுப்பவர் இன்னொருவர். பதிவுசெய்யும் உரிமை கவிதாவிடம் மட்டும் இருந்தால், செந்திலுக்கும் அந்த உரிமை வேண்டும் என்று கையொப்பதாரர் கையெழுத்திட்ட படிவத்தை வங்கிக்குக் கொடுக்க வேண்டும். அது நடைமுறைக்கு வரச் சில நாட்கள் ஆகும். அவசரத்துக்குத் தன் பயனர் பெயரையே கொடுத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு தவறான பணப்பரிமாற்றம் நடந்தால் பதிவில் நிற்பது உங்கள் பெயர், நீங்கள் பந்தியில் இருந்தீர்கள் என்பதை வங்கி கேட்காது.

எப்போது அனுப்புவது

வங்கிப் படிவம்தான் நேரத்தை முடிவுசெய்கிறது. அதற்கு ஒரு வாரம், ஒத்திகைக்கு ஒரு வாரம், மேலாளர் பதில் தரச் சில நாட்கள் என்று வைத்தால் விடுப்புக்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பு மின்னஞ்சல் போய்ச் சேர வேண்டும். கவிதாவுக்கு நல்ல நாள் மே 21. இருபதாம் தேதி மாத வரி அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-3பி வேலை முடிந்து மேலாளர் சற்று மூச்சு விடும் காலை அது. பத்தொன்பதாம் தேதி மாலை அனுப்பினால் படிக்காமலே ஒதுக்கிவைப்பார்.

கல்யாணத் தேதி முடிவானதுமே வாய்மொழியாகச் சொல்லிவிடுங்கள். செந்திலிடமும் கேட்டுவிடுங்கள். அவருக்கே அந்த வாரம் தணிக்கை வேலை இருக்கலாம். கேட்காமல் ஒருவர் பெயரை மின்னஞ்சலில் போடுவது அவரை மேலாளர் முன்னால் மாட்டிவிடுவதற்குச் சமம். அவர் ஒப்புக்கொண்ட பிறகு அவருக்கும் அதன் நகல் போக வேண்டும்.

கல்யாணப் பத்திரிகை வேறு, விடுப்பு மின்னஞ்சல் வேறு. பத்திரிகையை நேரில் போய்க் கொடுங்கள். பத்திரிகையின் படத்தை இணைத்து "இதற்காக விடுப்பு வேண்டும் சார்" என்று மட்டும் எழுதுவதை மேலாளர் அழைப்பாக எடுத்துக்கொள்வாரா, விண்ணப்பமாக எடுத்துக்கொள்வாரா என்று தெரியாது.

மின்னஞ்சல்

கவிதா எழுதுவது இப்படி இருக்கலாம். உங்கள் அலுவலகத்தில் ஆங்கிலம்தான் புழக்கம் என்றால் ஆங்கிலத்தில் எழுதுங்கள், வரிசை மாறாமல் இருந்தால் போதும்.

> பொருள்: விடுப்புக் கோரிக்கை, ஜூன் 9 முதல் 13 வரை, ஜிஎஸ்டிஆர்-1, இ-வே பில், வெள்ளிக்கிழமைப் பணம் அனுப்புதலுக்கான மாற்று ஏற்பாடு
>
> வணக்கம் சார்,
>
> என் அக்காவின் திருமணம் ஜூன் 11 வியாழக்கிழமை திண்டுக்கல்லில் நடக்கிறது. அதற்காக ஜூன் 9 செவ்வாய் முதல் 13 சனி வரை ஐந்து வேலை நாட்கள் எனக்கு ஈட்டிய விடுப்பு வேண்டும். ஜூன் 15 திங்கள் காலை பணிக்கு வந்துவிடுவேன்.
>
> மே மாத டிடிஎஸ் தொகையை ஜூன் 5 அன்றும், பிஎஃப், இஎஸ்ஐ தொகைகளை ஜூன் 8 அன்றும் கட்டி முடித்து ரசீதுகளைத் தங்களுக்கு அனுப்பிவிடுவேன். நான் இல்லாத நாட்களில் வரும் அவசரப் பணிகள் மூன்று:
>
> 1. மே மாத ஜிஎஸ்டிஆர்-1 (கடைசி நாள் ஜூன் 11). ஜூன் 8 வரை வந்த பில்களை நான் ஏற்றிச் சேமித்து வைப்பேன். 9ஆம் தேதி வரும் கிரெடிட் நோட்டுகளைச் சேர்த்து, டேலி மொத்தத்தோடு ஒப்பிட்டு, 10ஆம் தேதி மாலை 4 மணிக்குச் செந்தில்குமார் தாக்கல் செய்வார்.
>
> 2. இ-வே பில் (தினமும்). கிடங்கில் ரஃபீக் எடுப்பார். அவர் பெயரில் துணைப் பயனர் கணக்கை மே மாதத்துக்குள் உருவாக்கி, அவரையே எடுக்கச் சொல்லிச் சரிபார்த்துவிடுவேன்.
>
> 3. நூற்பாலைகளுக்குப் பணம் அனுப்புதல் (ஜூன் 12). தொகைப் பட்டியலை 8ஆம் தேதி தங்களிடம் கையெழுத்துக்கு வைப்பேன். செந்தில்குமார் வங்கியில் பதிவுசெய்வார், வழக்கம்போல் தாங்கள் ஒப்புதல் கொடுக்கலாம். பட்டியலில் இல்லாத புதிய வங்கிக் கணக்கு எதையும் நான் திரும்பும்வரை சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.
>
> செந்தில்குமார், ரஃபீக் இருவரிடமும் பேசி ஒப்புதல் பெற்றுவிட்டேன். தங்களிடமிருந்து வேண்டுவன: விடுப்புக்கு ஒப்புதல், செந்தில்குமாருக்கு வங்கியில் பதிவு உரிமை பெறும் படிவத்தில் பங்குதாரரின் கையெழுத்து (மே 25க்குள் கிடைத்தால் நல்லது), ஜூன் 10 மாலை 4 மணிக்கு ஓடிபி வரும் என்று பங்குதாரரிடம் சொல்லி வைப்பது.
>
> ஜூன் 9, 12, 13 தேதிகளில் மாலை 5 முதல் 6 மணிவரை கைப்பேசியில் பேச முடியும். 10ஆம் தேதி பிற்பகலிலிருந்து 11ஆம் தேதி முடியும்வரை எடுக்க இயலாது. அந்நேரத்தில் ஏதேனும் முடிவு தேவைப்பட்டால் செந்தில்குமாரிடம் எல்லா விவரங்களும் இருக்கும்.
>
> நன்றி.
> கவிதா

இதில் கவனிக்க வேண்டிய இடம், மேலாளரிடமிருந்து வேண்டியதை ஒரே பத்தியில் திரட்டியிருப்பது. பல நல்ல மின்னஞ்சல்கள் இங்கேதான் வீணாகின்றன. படிவத்தில் கையெழுத்து வேண்டும் என்பது மூன்றாம் பத்தியின் நடுவில் ஒளிந்திருக்கும், மேலாளர் "சரி" என்று ஒரு சொல்லில் பதில் போட்டுவிடுவார், படிவம் மேசையில் கிடக்கும்.

தாக்கலை 11 அன்று வைக்காமல் 10 மாலைக்கு வைத்ததும் வேண்டுமென்றே செய்தது. ஓடிபி வராமல் போனால், இணையதளம் படுத்துவிட்டால், முழுதாக ஒரு நாள் கையில் இருக்கும்.

புதிய வங்கிக் கணக்கைச் சேர்க்க வேண்டாம் என்ற வரி சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். நூற்பாலையின் பெயரில், ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த வாரத் தொகையைப் புதிய கணக்குக்கு அனுப்பவும்" என்று மின்னஞ்சல் அனுப்பிப் பணத்தைப் பறிப்பது அறியப்பட்ட மோசடி. வழக்கமாக அந்த ஆலையோடு பேசுகிறவருக்கு உடனே சந்தேகம் வரும். பதிலுக்கு உட்கார்ந்திருப்பவருக்கு வராது. அவரைக் காப்பாற்றும் வரி அது.

பள்ளியில் படித்த விடுப்புக் கடிதத்தின் "தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்" இதில் இல்லை. மரியாதைக்கு வணக்கமும் நன்றியும் "தாங்கள்" என்ற சொல்லுமே போதும். கல்யாணத்தில் தனக்கு என்னென்ன பொறுப்பு என்று கவிதா விளக்கவும் இல்லை. காரணத்துக்கு ஒரு வரி போதும்.

ஒத்திகை

மின்னஞ்சலில் எழுதியது உண்மையாகுமா என்பது ஜூன் முதல் வாரத்தில் தெரிந்துவிடும். ரஃபீக்கை ஒரு முழு நாள் அவரே எல்லா இ-வே பில்களையும் எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், விசைப்பலகையைத் தொடாதீர்கள். வண்டி எண்ணை எங்கே மாற்றுவது என்று அவர் தடுமாறினால், அதைத் தாளில் எழுதி அவர் மேசையில் ஒட்டுங்கள். ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமைப் பணம் அனுப்பும் வேலையைச் செந்தில் தன் பயனர் பெயரில் செய்யட்டும். வங்கி உரிமை இன்னும் வரவில்லை என்றால் அன்றே தெரியும், கிளைக்குப் போய்க் கேட்க இன்னும் இரண்டு வேலை நாட்கள் இருக்கும். அதிலும் ஆகவில்லை என்றால், அந்த வாரப் பணத்தை எட்டாம் தேதியே அனுப்பிவிட மேலாளரிடம் அனுமதி கேளுங்கள்.

கடவுச்சொற்களை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்ப வேண்டாம். மேலாளர் சொல்லும் வழியில் நேரில் ஒப்படையுங்கள், திரும்பியதும் மாற்றிவிடுங்கள்.

பதில் வராவிட்டால்

இரண்டு வேலை நாட்கள் பொறுங்கள். பிறகு நேரில் போய், "சார், விடுப்பு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன், வங்கிப் படிவத்துக்கு நாள் ஆகும் என்பதால் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். அவர் தலையசைத்தால் இருக்கைக்குத் திரும்பி, அதே மின்னஞ்சலுக்குக் கீழே "இன்று நேரில் பேசியபடி விடுப்புக்கு ஒப்புதல் அளித்தமைக்கு நன்றி" என்று ஒரு வரி அனுப்புங்கள். நிறுவனத்தின் விடுப்புப் பதிவேட்டிலோ செயலியிலோ தனியாகப் பதிய வேண்டும் என்றால் அன்றே பதிந்துவிடுங்கள். மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு டிக்கெட் போடாதீர்கள்.

ஐந்து நாட்கள் தர முடியாது என்றால், எந்த வேலைக்காகத் தயங்குகிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது ஒரே ஒரு வேலையாக இருக்கும். செவ்வாய் காலை கிரெடிட் நோட்டுகளை முடித்துவிட்டு மதியம் கிளம்புகிறேன் என்று அரை நாளை விட்டுக்கொடுத்தால் மீதி நான்கரை நாட்கள் கிடைக்கக்கூடும்.

திடீர் விடுப்புக்கு இவ்வளவும் முடியாது. காலையில் காய்ச்சலோடு எழுந்தால் முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள், பிறகு மூன்று வரி எழுதுங்கள்: இன்று வர இயலவில்லை, இன்று கட்டாயம் முடிய வேண்டியது இந்த ஒரு வேலை, அதன் கோப்பு இந்த இடத்தில் இருக்கிறது, இன்னாரிடம் பேசிவிட்டேன்.

திரும்பும் காலை

திங்கட்கிழமை முதல் வேலையாக ஜிஎஸ்டி தளத்தில் மே மாத ஜிஎஸ்டிஆர்-1க்கு எதிரே Filed என்று இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், ஏஆர்என் எண்ணைக் கோப்பில் குறியுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பிய தொகைகளை வங்கி அறிக்கையோடு ஒப்பிடுங்கள். ரஃபீக்கின் துணைப் பயனர் கணக்கை அப்படியே விடலாமா, முடக்க வேண்டுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். நான் விட்டுவைப்பேன். அடுத்த முறை ரஃபீக்கின் வீட்டில் விசேஷம் வரும்போது செந்திலுக்கும் ஒன்று உருவாக்கிவிடலாம். பிறகு இருவர் மேசைக்கும் ஊரிலிருந்து கொண்டுவந்த பலகாரப் பையோடு போங்கள்.